கேமரா ஓட்டையைச் சுற்றி நிலா வரைந்தேன், அச்சில் விலகிவிட்டது: தப்பு எங்கே?

தென்றல்:
நான் வரைந்த இரவு வானப் படத்தை என் போனின் பேக் கவரில் போட்டேன். வெள்ளைக் கடினப் பிளாஸ்டிக் கவர், ஓரமெல்லாம் உருண்டு வளைந்தது. தாளில் நானே அச்செடுத்தேன், தோழி தன் 3டி சப்ளிமேஷன் மெஷினில் சூடேற்றி மையைக் கவருக்கு மாற்றித் தந்தாள். இடது மேல் மூலையில் வட்டமான கேமரா ஓட்டை. அதைச் சுற்றி 2 மி.மீ. அகலத்தில் நிலா வளையம் தெரிய வேண்டும். வந்ததோ மேலே நூல் மாதிரி, கீழே தடிமனாக. கவரின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மெல்லிய வெள்ளைக் கோடு வேறு. டெம்ப்ளேட் தப்பா? இல்லை, ஓட்டையைச் சுற்றி வரைந்ததே தப்பா?

கணினிக்குருவி:
படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி அச்செடுத்தீர்களா? சப்ளிமேஷனில் தாளின் மை பக்கம் கவர் மேல் கவிழ்கிறது. திருப்பாவிட்டால் எல்லாம் இடம் மாறிவிடும். இன்னொன்று, சூட்டில் தாள் சுருங்கும். விலகலுக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அச்சுமை:
திருப்பியெடுக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அவர் திருப்பாமல் விட்டிருந்தால் நிலா வலது மூலைக்கே போயிருக்கும், கேமரா ஓட்டை வெறும் வானத்தில் நின்றிருக்கும். இங்கே நிலா சரியான மூலையில்தான் இருக்கிறது, கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. தாள் சுருங்கும் என்பதும் உண்மை. ஆனால் தாளின் நார் ஓடும் திசையில் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் சுருங்கும்.

தென்றல், மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். போனைக் கவருக்குள் போட்டால் லென்ஸ்கள் ஓட்டையின் நடுவில் இருக்கின்றனவா? நிலா எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது? படத்தில் தூரமாக இருக்கும் இரண்டு நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுத்து, கோப்பில் அவற்றுக்கிடையே எவ்வளவு தூரம், கவரில் எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். நெடுக்கில் ஒரு ஜோடி, குறுக்கில் ஒரு ஜோடி. வளைவில் இருக்கும் நட்சத்திரம் வேண்டாம், தட்டையான பகுதியில் மட்டும்.

மழைநாள்:
எனக்கும் இதே கதைதான். ஒளி ஊடுருவும் மென்மையான கவரில் படம் போட்டு வாங்கினேன். சில மாதத்தில் ஓரமெல்லாம் மஞ்சளாகிப் படமே அழுக்காகத் தெரிந்தது. அந்தக் கவரை எடுக்காதீர்கள்.

அச்சுமை:
மழைநாள், அது வேறு கவர், வேறு நோய். மென்மையான டிபியு பிளாஸ்டிக் வெயிலாலும் நாளாக ஆக்ஸிஜன் படுவதாலும் மஞ்சளாகும், அச்சு அதற்குக் காரணமில்லை. தென்றல் வைத்திருப்பது பாலிகார்பனேட் மேல் பாலியெஸ்டர் பூச்சு கொடுத்த வெள்ளைக் கவர். சப்ளிமேஷன் மை பிடிப்பது அந்தப் பூச்சில்தான். இந்த மையில் வெள்ளை நிறமே கிடையாது. மை படாத இடத்தில் கவரின் வெள்ளை அப்படியே தெரியும், அவருடைய விளிம்புக் கோடு அதுதான்.

தென்றல்:
அளந்துவிட்டேன். லென்ஸ்கள் ஓட்டையின் நடுவில் சரியாக இருக்கின்றன. நிலா கீழே ஒன்றரை மி.மீ.க்குச் சற்றுக் கூடவும், வலப்பக்கம் சுமார் அரை மி.மீ.யும் நகர்ந்திருக்கிறது. நெடுக்கில் கோப்பில் 120 மி.மீ. இருந்த தூரம் கவரில் 116.5 கிட்ட வருகிறது. குறுக்கில் 60 இருந்தது 58-ஐத் தாண்டிக் கொஞ்சம். படத்தின் நடுவில் ஒரு பறவை இருக்கிறது, அது மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது!

அச்சுமை:
அந்தப் பறவைதான் சாட்சி. படம் முழுக்க ஒரே பக்கம் நகர்ந்திருந்தால், தாளைக் கவரில் ஒட்டும்போது கை தவறியிருக்கிறது என்று சொல்லலாம். நடு அசையாமல், நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக விலகல் கூடினால் படம் சிறிதாகியிருக்கிறது என்று அர்த்தம். 120-க்கு 116.5, 60-க்கு 58-ம் கொஞ்சமும். இரண்டு திசையிலும் ஏறக்குறைய 97 சதவீதம். தாள் சுருங்கியிருந்தால் இப்படி இரண்டு பக்கமும் ஒரே அளவில் வராது. பிரிண்ட் பெட்டியில் Fit என்று இருந்திருக்கும். தாளின் ஓரத்தில் அச்சு விழாத இடத்துக்காக அது படத்தைச் சுருக்கிவிடும். கேட்கவும் செய்யாது.

கணக்கும் பொருந்துகிறது. கேமரா ஓட்டையின் மையம் கவரின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது?

தென்றல்:
மேலே 55 மி.மீ., இடப்பக்கம் 18. ஓட்டையின் விட்டம் 30. கவர் 150-க்கு 75. பக்கவாட்டு வளைவின் உயரம் 9 மி.மீ.

அச்சுமை:
55-ல் 3 சதவீதம் 1.65, அவ்வளவு கீழே இறங்க வேண்டும். 18-ல் 3 சதவீதம் அரை மி.மீ.யைவிடச் சற்றுக் கூட, அவ்வளவு வலப்பக்கம் வர வேண்டும். நீங்கள் அளந்ததும் அதேதான்.

விளிம்பையும் பாருங்கள். கூடுதலாக எவ்வளவு வண்ணம் நீட்டி வரைந்தீர்கள், 2 மி.மீ.யா?

தென்றல்:
ஆமாம். அங்குலத்துக்கு 300 புள்ளியில் 24 பிக்சல் விட்டேன்.

அச்சுமை:
நடுவிலிருந்து கீழ் முனைவரை 75, வளைவு 9, ஆக 84. அதில் 3 சதவீதம் 2.5 மி.மீ. உங்கள் 2 மி.மீ. தீர்ந்துபோய் அரை மி.மீ. வெள்ளை தெரிந்துவிட்டது. பக்கவாட்டில் பாதி அகலம் 37.5, அதனுடன் 9, ஆக 46.5. அதற்கு 1.4 மி.மீ.தான் குறையும், நீங்கள் விட்ட 2 மி.மீ. அதைத் தாங்கிக்கொண்டது. அதனால்தான் பக்கவாட்டில் வெள்ளை இல்லை, மேலும் கீழும் மட்டும். டெம்ப்ளேட்டில் குறையில்லை. அடுத்த முறை Actual size அல்லது 100% வைத்து எடுங்கள். கவரை வீணாக்குவதற்கு முன் சாதாரணத் தாளில் ஒன்று அச்செடுத்து, ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஓட்டையை ஒட்டி 2 மி.மீ. வளையம் வேண்டாம். எல்லாம் சரியாகச் செய்தாலும் கையால் டேப் போட்டு ஒட்டும்போது அரை மி.மீ. நகரும். அப்போது வளையம் ஒரு பக்கம் 1.5, மறுபக்கம் 2.5. இதைக் கண் உடனே பிடித்துவிடும். வளையமே இல்லாமல் வானம் மட்டும் ஓட்டையைக் கடந்து ஓடினால், அரை மி.மீ. என்ன, 2 மி.மீ. நகர்ந்தாலும் யாருக்கும் தெரியாது.

தூரிகை:
இதை நான் ஏற்கவில்லை. பின்பக்கத்தில் மேல் மூலையில் இவ்வளவு பெரிய கறுப்பு வட்டம் உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாதது போல வரைந்தால், படம் வரைந்த பிறகு யாரோ துளை போட்டது போலத்தான் இருக்கும். பறவையின் கழுத்து பாதியில் அறுந்து நின்ற கவர்களை எத்தனை பார்த்திருக்கிறோம்! ஓட்டையைப் படத்துக்குள் சேர்த்துக்கொள்வதுதான் வரைபவரின் வேலை. தென்றலின் யோசனை அருமையானது, அதைக் கைவிடச் சொல்லாதீர்கள்.

அச்சுமை:
கைவிடச் சொல்லவில்லை, அகலமாக்கச் சொல்கிறேன். வளையம் 6 மி.மீ. இருந்தால், அரை மி.மீ. நகர்ந்தாலும் ஒரு பக்கம் 5.5, மறுபக்கம் 6.5. சட்டென்று யார் கண்ணிலும் படாது.

தூரிகை:
6 மி.மீ.க்கு இடம் எங்கே இருக்கிறது? நீங்கள் வாங்கிய அளவுகளையே கூட்டிப் பாருங்கள். மையம் நடுவிலிருந்து 18, ஆரம் 15, ஆக 33. பாதி அகலம் 37.5. இடப்பக்கம் மிச்சம் 4.5 மி.மீ.தான். 6 மி.மீ. வளையம் அந்தப் பக்கம் வளைவில் இறங்கிவிடும். அங்கே நிலா பிதுங்கியது போலத் தெரியும்.

என் வழி வேறு. வளையத்துக்குக் கூரான வெளிக்கோடு போட வேண்டாம். ஓட்டையை ஒட்டி வெளிச்சம் பளிச்சென்று இருக்கட்டும், அங்கிருந்து மெல்ல மங்கி வானத்தின் நீலத்தில் கரையட்டும். கோடு இல்லாவிட்டால் கண்ணுக்கு அளக்க எதுவும் இருக்காது. நிலாவின் வட்டத்தை ஓட்டைக்கு உள்பக்கமும் முழுக்க வரைந்துவிடுங்கள், அப்போது எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வெள்ளை எட்டிப் பார்க்காது.

தென்றல்:
உள்பக்கம் முழுக்க ஏற்கெனவே வரைந்திருந்தேன், நல்லவேளை.

அச்சுமை:
கரைந்துபோகும் வெளிச்சம் நல்ல வழி, ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. ஓட்டையின் விளிம்பு பெரும்பாலும் லென்ஸைக் காக்கக் கொஞ்சம் மேலெழும்பி இருக்கும். அந்தச் சின்னச் சரிவில் தாள் சரியாகப் படியாவிட்டால், உங்கள் பளிச்சென்ற பகுதியில்தான் மங்கல் வரும். நீலத்தில் அது மறையும், வெளிர் மஞ்சளில் மறையாது.

தூரிகை:
அது தாளைப் படிய வைப்பவரின் கையைப் பொறுத்தது. அதற்காகப் படத்தை மாற்றுவதா?

கணினிக்குருவி:
அப்படியானால் உருண்ட ஓரத்தில் படமே வேண்டாம், தட்டையான பின்பகுதியில் மட்டும் போட்டால் இந்தத் தொல்லை பாதி குறையுமே? யுவி பிரிண்டில் நேரடியாக அச்சடித்தால் தாளும் சுருங்காது.

அச்சுமை:
யுவியில் தாள் பிரச்சினை இல்லைதான். ஆனால் மை தெளிக்கும் முனைக்கும் கவருக்கும் இடைவெளி ஓரிரு மி.மீ.தான் இருக்க வேண்டும். உருண்ட ஓரம் கீழே இறங்க இறங்க மைத்துளி அதிக தூரம் பறந்து சிதறும், கோடு புகைபோல ஆகும். அதனால் அதில் தட்டையான பகுதியோடு நிறுத்துவதே வழக்கம். அதிலும் அரை மி.மீ. நகர்ந்தால் படத்தின் ஓரத்துக்கும் கவரின் ஓரத்துக்கும் நடுவே உள்ள கரை ஒரு பக்கம் ஒல்லியாகத் தெரியும். தொல்லை இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

3டியிலும் ஓரம் சும்மா இல்லை, தென்றல். நான்கு மூலையிலும் வளைவு இரண்டு பக்கம் திரும்புகிறது, அங்கே தாள் நெளிந்து மடிப்பு விழலாம். நீட்டிக்கொடுக்கும் ஃபிலிம் என்றால் மடிப்பு குறையும், ஆனால் படம் இழுபட்டு நிறம் வெளிறும். மூலையில் வானம் மட்டும் இருக்கட்டும், நட்சத்திரமோ உங்கள் கையெழுத்தோ வேண்டாம்.

தென்றல்:
தோழியிடம் கேட்டேன், தாள்தான் பயன்படுத்தினாளாம். கையெழுத்தை வலது கீழ் மூலையில்தான் போட்டிருந்தேன், பாதி மடிப்பில் போய்விட்டது! அதை உள்ளே 10 மி.மீ. தள்ளிவிடுகிறேன். விளிம்பில் இப்போது 3 மி.மீ. கூடுதலாக நீட்டியிருக்கிறேன்.

தென்றல் (இரண்டு நாள் கழித்து):
100% வைத்து எடுத்தேன். சாதாரணத் தாளில் 120 மி.மீ. சரியாக 120 வந்தது, அதன் பிறகுதான் கவரில் ஏற்றினோம். விளிம்பில் வெள்ளை இல்லை. தூரிகை அக்கா சொன்னபடி நிலாவின் கோட்டை எடுத்துவிட்டு வெளிச்சமாகக் கரைத்தேன். படம் அரை மி.மீ. இடப்பக்கம் போயிருக்கிறது என்று அளந்தால் தெரிகிறது, பார்த்தால் தெரியவில்லை. ஆனால் அச்சுமை அண்ணா சொன்னதும் நடந்திருக்கிறது. ஓட்டையின் மேலெழும்பிய விளிம்பில் வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் மங்கல்.

அச்சுமை:
வலப்பக்கம் மட்டும் என்றால், அங்கே தாள் தூக்கி நின்றிருக்கும். அடுத்த முறை ஓட்டையை ஒட்டிச் சூடு தாங்கும் டேப்பை இரண்டு துண்டு சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

தூரிகை:
படத்தைப் பார்த்தேன். அந்த மங்கல் நிலாவின் மீது மேகம் போலத்தான் இருக்கிறது. நான் என்றால் அப்படியே விட்டுவிடுவேன்.

அச்சுமை:
நான் விடமாட்டேன்.