மகன் புளியைப் புலி என்கிறான்: சிங்களம் கலந்ததாலா?

வெள்ளவத்தை அம்மா: மகனுக்கு நாலு வயது. வீட்டில் தமிழ், நேர்சரியில் சிங்களம். புளியைப் புலி என்கிறான், வாளை வால் என்கிறான். தண்ணிக்கு "வதுர வேணும்" என்றும் கேட்கிறான். இரண்டு மொழியின் சத்தமும் தலைக்குள் ஒன்றாகிவிட்டதா? ஒரு மொழியை நிறுத்தச் சொல்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை ஐயா: நிறுத்துங்கள் பிள்ளை. எழுத்தில் ල, ළ என்று இரண்டு இருந்தாலும் சிங்களவர் பேச்சில் இரண்டும் ஒரே ல தான். அதைக் கேட்டால் தமிழ் ள எங்கே நிற்கும்? முதலில் தமிழ் உறுதிப்படட்டும்.

தெஹிவளை குமார்: ஐயா, பயப்பட ஒன்றுமில்லை. முதலில் எல்லாம் ஒரே கலவைதான், மூன்று வயதளவில் தானாகப் பிரியும். 1978-இலேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள்.

பேச்சுப் பயிற்சியாளர்: குமார், வொல்டெரா, டெஷ்னர் என்ற ஆய்வாளர்கள் எழுதியது அது. இத்தாலியமும் ஜெர்மனும் பேசிய இரண்டு சிறுமிகளின் சொல்லையும் இலக்கணத்தையும் பார்த்தது. சத்தத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. சத்தத்துக்குப் பார்சிலோனாவைப் பாருங்கள். அங்கே பேசும் இரண்டு மொழியில், கட்டலனில் இரண்டு வகை எ உண்டு, ஸ்பானியத்தில் ஒன்றுதான். நாலு மாதக் குழந்தைகள் இரண்டையும் பிரித்துக் கேட்டார்கள். எட்டு மாதத்தில், இரண்டு மொழியும் கேட்டு வளரும் குழந்தைகளுக்கு அந்த வித்தியாசம் மறைந்த மாதிரி இருந்தது, பன்னிரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. 2003-இல் இது வந்தபோது, நடுவில் கலந்துவிடுகிறது என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் 2011-இல் சோதிக்கும் முறையை மாற்றி, குழந்தை எந்தப் பக்கம் எதிர்பார்த்துப் பார்க்கிறது என்று கவனித்தார்கள். எட்டு மாதத்திலும் அப்படிப்பட்ட குழந்தைகள் பிரித்தார்கள்.

குமார்: அப்போ ஆரம்பத்திலிருந்தே தனித்தனியா?

பயிற்சியாளர்: அப்படியும் இல்லை. தமிழ் ம, சிங்கள ம இரண்டுக்கும் தனி இடம் எதற்கு? ஒன்றே போதும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சிக்கல் வருவது ஒரு மொழி இரண்டாகப் பிரிப்பதை மற்றது ஒன்றாகப் பார்க்கும் இடத்தில்தான். ல, ள அப்படிப்பட்ட இடம், ஐயா சொன்னது அதுவரை சரி. ஆனால் நாக்கை மடித்துச் சொல்லும் ள, ழ தமிழ் மட்டும் பேசும் பிள்ளைகளுக்கும் பிந்தியே வரும். அதனால் நாலு வயதில் ல கேட்டவுடனே சிங்களத்தின் மேல் பழி போட முடியாது.

ரஞ்சி: என் மகள் 'க'வை 'த' என்பாள். அக்காவை அத்தா என்பாள். அதுவும் சிங்களத்தாலா?

பயிற்சியாளர்: இல்லை தங்கச்சி. க இரண்டு மொழியிலும் இருக்கிறது. சிங்களம் பேசும்போதும் அப்படித்தான் சொல்கிறாளா என்று கேளுங்கள். இரண்டிலும் அதே பிழை என்றால் அது கலப்பில்லை. வயது நாலு தாண்டியும் போகவில்லை என்றால் காதைச் சோதித்து, பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

வெள்ளவத்தை அம்மாவுக்கு: மகனுக்குக் கேட்கவில்லையா, வாய்க்கு வரவில்லையா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். புலி படம், புளி படம் இரண்டையும் வையுங்கள். வாயை மறைத்து ஒன்றைச் சொல்லுங்கள், அவன் காட்டட்டும். ஊகித்தாலே பாதி சரியாகும், ஆகவே மாறிமாறிப் பத்துத் தடவையாவது கேளுங்கள். அப்புறம் அவன் பாணியிலேயே "புலிக்குழம்பு சாப்பிடுவமா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரித்தானோ, "இல்லை, *புலி*க்குழம்பு!" என்று தன் வாயாலேயே திருத்தப் பார்த்தானோ, காது பிரித்துவிட்டது, நாக்குத்தான் பிந்துகிறது.

'வதுர' வேறு கதை. அது சத்தம் அல்ல, சொல். நேர்சரியில் தண்ணீர் கேட்கும் சொல் முந்திக்கொண்டு வருகிறது. சிங்களம் தெரியாத அம்மம்மாவிடம் தண்ணி என்றே கேட்டால், எது யாருக்கு என்று அவனுக்குத் தெரிகிறது.

வெள்ளவத்தை அம்மா: செய்தேன். நான் சொன்னால் அநேகமாகச் சரியான படத்தைக் காட்டுகிறான். புலிக்குழம்பு என்றதும் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மம்மாவிடம் போனில் தண்ணி என்றுதான் கேட்டான். ஆனால் என் கணவர் சொன்னால் முழிக்கிறான். அவர் சிங்கள மீடியத்தில் படித்தவர், இரண்டும் ஒரே ல தான் அவருக்கு.

ஐயா: பாருங்கள்! அப்போ தகப்பன் சிங்களத்திலேயே கதைக்கட்டும், தமிழைத் தாய் பார்த்துக்கொள்வார்.

பயிற்சியாளர்: அவர் சொன்னதற்கு முழிப்பது சரியான விடைதான் ஐயா, அங்கே பிரிக்க வித்தியாசமே இல்லையே. தகப்பன் தமிழை நிறுத்தினால் பிள்ளைக்கு ள கூடிவிடாது, கேட்கும் தமிழ்தான் குறையும்.

குமார்: நாள் முழுக்க ல கேட்டால் பாதிக்காதா?

பயிற்சியாளர்: கொஞ்சம் பாதிக்கலாம். யாரிடம் எவ்வளவு கேட்கிறான் என்பதைப் பொறுத்தது. ள வடிவாகச் சொல்லும் ஆட்கள் அம்மாவைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

வெள்ளவத்தை அம்மா: அம்மம்மா மட்டும். அவ யாழ்ப்பாணத்தில். பழத்தைப் பளம் என்பா.

பயிற்சியாளர்: ழ போனாலும் ள இருக்கிறதே. தினமும் கதைக்க விடுங்கள்.

ஐயா: போனில் வளர்ந்த தமிழ் எனக்கு நம்பிக்கை இல்லை.