உடம்பு முடியாம 16 மாசம் கேப், பயோல எவ்ளோ சொல்றது? உதவுங்க

பில்_புவனா:
வணக்கம். கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில 2017லேர்ந்து 2023 ஜனவரி வரைக்கும் அக்கவுண்ட்ஸ் எக்சிகியூட்டிவ். அப்புறம் முதுகெலும்புல டிபின்னு தெரிஞ்சு வேலைய விட்டேன், மாத்திரை முடிஞ்சு டாக்டர் வேலைக்குப் போலாம்னு சொன்னது 2024 மே. லிங்க்ட்இன் பயோ இங்கிலீஷ்ல எழுதிருக்கேன், தமிழ்ல சொன்னா இப்படி வரும்:

"ஆறு வருஷ அனுபவம். 2023ல எல்4-எல்5ல காசநோய் வந்து மூணு மாசம் படுத்த படுக்கை, ஒரு வருஷத்துக்கு மேல மருந்து, இப்ப முழுசா குணமாயிட்டேன், யாருக்கும் தொத்தாது. ஒரு வாய்ப்பு கொடுத்தா நல்லா உழைப்பேன்."

ரெண்டு மாசமா ஒரு கால் கூட வரல. எங்க தப்பு?

ராசு_திருப்பூர்:
இதெல்லாம் எதுக்குங்க. பழைய கம்பெனில 2024 மார்ச் வரைக்கும் இருந்தேன்னு போட்டுருங்க, யாரு போய் பாக்கப் போறா. நோயப் பத்தி வாயே திறக்காதீங்க.

எச்ஆர்_அக்கா:
ராசு தம்பி சொன்னதுல நோய் பேர் வேணாங்கறது சரி, தேதி விஷயம் ஆபத்து. வெரிஃபிகேஷன்ல யுஏஎன் நம்பர் வாங்கிருவாங்க, பிஎஃப் போர்ட்டல்ல Service History திறந்தா எந்தக் கம்பெனில என்னைக்கு சேர்ந்தீங்க என்னைக்கு விலகுனீங்கன்னு வரிசையா நிக்கும். கேப் இருக்கறதுக்காக ஆஃபர ரத்து பண்ணி நான் பாத்ததில்ல, தேதிய நீட்டினதுக்காக ரத்தானது நிறைய.

புவனா, உங்க பயோவ ரெக்ரூட்டரா படிச்சேன். ஆறு விஷயம் சொல்றீங்க, அதுல நாலு நோயப் பத்தி. "யாருக்கும் தொத்தாது"ன்னு நீங்களே எழுதினதும் அதுவரைக்கும் யோசிக்காதவனும் யோசிப்பான். ஆறு வருஷம் என்ன பண்ணீங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. பயோல கேப்புக்கு ஒரு வரிதான், அதுல வேண்டியது மூணே: எப்பலேர்ந்து எப்ப வரை, உடல்நலக் காரணம், இப்ப முழுநேரம் வர முடியும். அதுவும் கடைசில வரட்டும்.

இன்னொண்ணு, அக்கவுண்ட்ஸ்ல என் பயம் உங்க முதுகு இல்ல. 2023 ஆகஸ்ட் 1லேர்ந்து இ-இன்வாய்ஸ் வரம்பு பத்து கோடிலேர்ந்து அஞ்சு கோடிக்கு இறங்குச்சு, அப்ப நீங்க வீட்ல. அது தெரியுமா தெரியாதா, அதத்தான் பயோல தேடுவேன்.

மலர்விழி_எம்:
அக்கா எனக்கும் அஞ்சு மாசம் மெடிக்கல் லீவு பாக்கி இருக்கு, சம்பளம் பிடிக்கறாங்க, அதுக்கு எங்க எழுதணும்?

எச்ஆர்_அக்கா:
மலர், அது வேற கேள்விம்மா, தனியா போடு.

பில்_புவனா:
அக்கா, 2024 ஜனவரிலேர்ந்து எங்க தெரு ஹார்டுவேர் கடைக்கு வீட்லேர்ந்தே ஜிஎஸ்டி பாக்கறேன், 3பி போடறது, 2பியோட பர்ச்சேஸ் பில் ஒத்துப் பாக்கறது. மாசம் மூவாயிரம் தர்றாரு. அத வேலைன்னு சொல்லலாமா, சின்னதாச்சேன்னு விட்டேன்.

எச்ஆர்_அக்கா:
அடடா, அதத்தான் முதல்ல சொல்லணும்! பகுதி நேரம்னு தெளிவா போட்டு தனி என்ட்ரியா சேருங்க. உங்க வெறும் கேப் 11 மாசமா சுருங்கிருச்சு, பொய்யே இல்லாம.

நடுராத்திரி_டெவ்:
எனக்கு டிப்ரஷன்ல எட்டு மாசம் போச்சு. லிங்க்ட்இன்ல Career break சேர்க்கறப்ப Health and well-being வகைய தேர்ந்தெடுத்தேன், Notify network அணைக்க மறந்துட்டேன். சொந்தக்காரங்க வரைக்கும் "என்னாச்சு"ன்னு போன். அத முதல்ல ஆஃப் பண்ணுங்க. அந்த வகையே வேணாம், வருஷத்த மட்டும் போட்டு விட்டுறலாம்னுதான் இப்ப தோணுது.

எச்ஆர்_அக்கா:
அதுல எனக்கும் ரெண்டு மனசுதான். வெத்தா விட்டா சில பேர் வேற மாதிரி கற்பனை பண்ணிக்கறாங்க, வகை போட்டா இன்டர்வியூல "என்ன நோய்"னு நோண்டறவனும் இருக்கான். நோண்டினா "சிகிச்சை முடிஞ்சுது, வேலைக்குத் தகுதின்னு டாக்டர் சர்டிஃபிகேட் இருக்கு"ன்னு சொல்லி அங்கயே நிறுத்துங்க. ஆனா ஆஃபருக்கு அப்புறம் மெடிக்கல் ஃபார்ம்ல எழுத்துல கேட்டா மறைக்காதீங்க, பின்னாடி அதுவே வேலைய விட்டுத் தூக்கக் காரணமாயிடும். பயோ வேற, ஃபார்ம் வேற.

பில்_புவனா:
சரிக்கா, இப்படி மாத்திட்டேன்:

"ஆறு வருஷம் பம்ப் தயாரிப்பு நிறுவனத்துல சப்ளையர் பில், பேங்க் ரீகன்சிலியேஷன், டிடிஎஸ். 2024 ஜனவரிலேர்ந்து பகுதி நேரமா ஒரு கடைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன். 2023 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை உடல்நலத்துக்காக இடைவெளி. இப்ப முழுநேர வேலைக்குத் தயார்."

எச்ஆர்_அக்கா:
இது நல்லாருக்கு. டேலி, எஸ்ஏபி எது தெரியும்னு சேருங்க, ரெக்ரூட்டர் தேடறது அந்தப் பேர வச்சுத்தான்.

ராசு_திருப்பூர்:
யுஏஎன்ல இவ்ளோ தெரியுமா... நான் போன வருஷம் நாலு மாசம் நீட்டிருக்கேன். இப்ப என்ன பண்றது?