பெண்களுக்கு மணநிலை காட்டாத அடைமொழி: ‘திருவாட்டி’ பொருந்துமா?

பள்ளிப் பெற்றோர் சங்கச் செயலாளர், சுங்கை சிப்புட்

வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளி நன்கொடையாளர்களின் பெயர்களைக் கல்லில் பொறிக்கப்போகிறோம். ஆண்களுக்குத் ‘திரு’ போதும். பெண்களின் பெயர்களில்தான் தடுமாறுகிறேன். மலேசியாவில் மணமான பின்னும் நம் பெண்களின் அடையாள அட்டையில் தந்தை பெயரே இருக்கிறது. ‘திருமதி கமலா முனியாண்டி’ என்று எழுதினால் முனியாண்டியைக் கணவர் என்று நினைக்கிறார்கள். சென்ற ஆண்டு மேடையிலேயே அப்படி அறிவித்துவிட்டார்கள். அந்த அம்மா தலைகுனிந்து நின்றார்.

இன்னொருவருக்கு வயது 61. பால்மரம் சீவித் தங்கைகள் மூவரையும் கரையேற்றியவர். தாம் மணம் செய்துகொள்ளவில்லை. அவரைச் ‘செல்வி’ என்று கல்லில் வெட்ட மனம் வரவில்லை. பொதுவான சொல் உண்டா?

வங்கி ஊழியர், ஈப்போ

திருமதி என்பதில் உள்ள ‘மதி’ அறிவைக் குறிக்கும் தமிழ்ச்சொல். அதில் திருமணமே இல்லை. எல்லாப் பெண்களுக்கும் அதையே எழுதலாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, தைப்பிங்

திருமணம் இல்லை என்பது சரி, தம்பி. அறிவும் இல்லை. ‘ஸ்ரீமதி’யில் உள்ள வடமொழிப் பெண்பால் விகுதிதான் அந்த ‘மதி’. ஸ்ரீ திருவாயிற்று, விகுதி அப்படியே தங்கிவிட்டது. ஆனால் படிப்பவர்கள் விகுதியைப் பார்ப்பதில்லை. திருமதி என்றதும் கணவரைத் தேடுகிறார்கள். செயலாளரின் சிக்கலே அதுதான்.

‘திருவாட்டி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாட்டி, சீமாட்டி என்பவற்றில் வரும் அதே ‘ஆட்டி’தான். சிங்கப்பூர்ச் செய்தித்தாளில் நாள்தோறும் காண்கிறோம். ‘திருவாட்டி கமலா, முனியாண்டியின் மகள்’ என்று பொறித்தால் குழப்பம் தீர்ந்தது. இன்னொன்று: ‘திரு.’ என்று புள்ளி வைக்காதீர்கள். திரு முழுச்சொல், எதன் சுருக்கமும் அன்று. கல்லில் வெட்டிய புள்ளியை அழிக்க முடியாது.

செம்பனைத் தோட்டக் கங்காணியின் மகன், சுங்கை சிப்புட்

என் இளைய மகளுக்கு அடுத்த மாதம் திருமணம். அழைப்பிதழில் திருவளர்ச்செல்வியா, திருநிறைச்செல்வியா? அச்சகத்தார் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை

ஐயா, அது வேறு வழக்கு. வீட்டில் இன்னும் மணமாகாத பிள்ளைகள் இருந்தால் திருவளர்ச்செல்வி, கடைசிப் பிள்ளையென்றால் திருநிறைச்செல்வி என்பது மரபு. உங்களுக்கு இரண்டாவது. வாழ்த்துகள்.

கல்லூரி மாணவி, கோலகங்சார்

திருவாட்டி என்றால் எனக்கு மூதாட்டிதான் நினைவுக்கு வருகிறது. 22 வயதில் என்னை அப்படி அழைத்தால் ஏற்க மாட்டேன். ஆண் பெண் இருவருக்கும் ‘திருமிகு’ என்று வைத்தால் என்ன? தமிழ்நாட்டில் எழுதுகிறார்களே. ஆண்களுக்கு 18 வயதிலும் 80 வயதிலும் ஒரே சொல். எங்களுக்கு மட்டும் ஏன் இரண்டு?

செயலாளர்

மகளே, உன் கேள்வி நியாயமானது. ஆனால் பலகையில் ‘செல்வம்’ என்று ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் இருக்கிறார்கள். திருமிகு போட்டால் யார் யாரென்று தெரியாது. 61 வயது அக்காவிடமே நேற்றுக் கேட்டேன். திருவாட்டியை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். “கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் என் பெயரை மட்டும் பெரிதாக வெட்டு” என்றார். அவருக்கும் கமலா அம்மாவுக்கும் திருவாட்டி என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். இளம் பெண்கள் நால்வரின் வரிகளை இன்னும் கல்தச்சரிடம் கொடுக்கவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.