எண் வடிவத்தில் நிபந்தனை கொடுத்தும் ▲ ▼ அம்புக்குறி வரவில்லை

வரவுசெலவு: வணக்கம். எக்செல் தாளில் சென்ற மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள மாற்றத்தைச் சதவீதமாகக் காட்டும் பத்தி ஒன்று இருக்கிறது. ஒரு சதவீதத்துக்கு மேல் ஏறினால் ▲, இறங்கினால் ▼ வர வேண்டும். பழைய தாள் ஒன்றிலிருந்து எடுத்த வடிவத்தைச் சிறிது மாற்றிப் போட்டேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஆனால் ஒரு கலத்தில்கூட அம்பு வரவில்லை. இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

கூழாங்கல்: உங்கள் எண்கள் எழுத்தாகப் பதிந்திருக்கும். கலத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். நான் பார்த்த இத்தகைய சிக்கல்களில் பாதி அதுதான்.

தாள்புலி: வடிவம் என்ன என்று சொல்லாமல் "வடிவம் வேலை செய்யவில்லை" என்று எழுதுபவர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. என்ன எழுதினீர்கள்? கலத்தில் இருப்பது சூத்திரமா, கையால் அடித்த எண்ணா?

வரவுசெலவு: மன்னிக்கவும். எண்கள் வலப்பக்கம்தான் நிற்கின்றன. சூத்திரம் `=B2/A2-1`. வடிவம் இது:

```
[>1]▲ 0.0%;[<-1]▼ 0.0%;0.0%
```

மின்மினி: இதற்கு எண் வடிவமே தேவையில்லை. நிபந்தனை வடிவமைப்பில் மூன்று அம்புகள் கொண்ட ஐகான் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தால் ஒரே சொடுக்கில் முடிந்துவிடும்.

தாள்புலி: முடியும், ஆனால் தவறாக முடியும். அந்தத் தொகுப்பு இயல்பாக 67, 33 என்ற வரம்புகளை, பத்தியிலுள்ள சிறிய எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் இடைப்பட்ட அளவில் வைத்துப் பார்க்கிறது. ஆகவே எல்லாமே இறக்கமாக இருந்தாலும், குறைவாக இறங்கியதற்குப் பச்சை ஏறுமுக அம்பு விழும். வரம்பின் வகையை எண் என்று மாற்றினால்தான் அது உதவும்.

கேள்விக்கு வருவோம். 3.2% என்று தெரியும் கலத்தில் உண்மையில் இருப்பது 0.032. நிபந்தனை பார்ப்பது அந்த மதிப்பைத்தான்; % குறி காட்சிக்காக நூறால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. உங்கள் `[>1]` என்பது நூறு சதவீதத்துக்கு மேல் என்று பொருள்படும். பழைய தாளில் எண்கள் 3.2 என்றே இருந்திருக்கும். 0.01 என்று போடுங்கள்.

வரவுசெலவு: 0.01, -0.01 என்று மாற்றியதும் அம்புகள் வந்துவிட்டன, மிக்க நன்றி. ஆனால் அடுத்தடுத்த இரண்டு வரிசைகளில் ஒன்று ▲ 1.0% என்றும் மற்றொன்று வெறும் 1.0% என்றும் நிற்கின்றன. இது எப்படி?

கூழாங்கல்: அந்த வரிசைகளின் எண்களைத் தர முடியுமா?

வரவுசெலவு: இரண்டிலும் சென்ற மாதம் 1250. இந்த மாதம் ஒன்றில் 1263, மற்றொன்றில் 1262.

கூழாங்கல்: அப்படியானால் முதலாவது 0.0104, இரண்டாவது 0.0096. ஒரு தசம இடத்துக்குச் சுருக்கும்போது இரண்டுமே 1.0% ஆகத் தெரிகின்றன; நிபந்தனை மட்டும் சுருக்காத மதிப்பைப் பார்ப்பதால் ஒன்றுக்கு அம்பு உண்டு, மற்றதற்கு இல்லை. கண்ணுக்கு 1.0% எனத் தெரிவதெல்லாம் அம்பு பெற வேண்டுமென்றால் வரம்பைச் சற்றுக் கீழே இறக்குங்கள்:

```
[Color10][>=0.0095]▲ 0.0%;[Red][<=-0.0095]▼ 0.0%;0.0%
```

`[Green]` கண்ணைக் கூசும் என்பதால் `[Color10]` போட்டிருக்கிறேன்.

மின்மினி: வரம்பை இப்படி வளைப்பதைவிட, சூத்திரத்தையே `=ROUND(B2/A2-1,3)` என்று எழுதிவிட்டால் `>=0.01` என்ற நேர்மையான வரம்பே போதுமே.

தாள்புலி: அப்போது கலத்தின் மதிப்பே மாறிவிடுகிறது. அந்தப் பத்தியின் சராசரியை வேறொரு தாள் எடுத்தால், அது சுருக்கிய எண்களின் சராசரியாகிவிடும். காட்சிக்காகத் தரவைத் தொடக் கூடாது.

மின்மினி: படிப்பவர் 1.0% என்று பார்க்கிறார், வரம்பும் 1% என்று எழுதியிருக்கிறது. ஆறு மாதம் கழித்து 0.0095 எங்கிருந்து வந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? அறிக்கையின் கடைசிப் பத்தியை வேறெவரும் கூட்டப் போவதில்லை.

தாள்புலி: கூட்டுவார்கள்.

ஆற்றோரம்: இடையில் வருவதற்குப் பொறுத்தருள்க. மேல் கலத்தைவிடக் கீழ்க் கலம் கூடினால் அம்பு வருமாறு இதே முறையில் எழுதலாமா? ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் ▲▲ வேண்டும், அதற்குக் கீழே ▲, இறக்கத்துக்கு ▼.

கூழாங்கல்: எண் வடிவத்துக்குத் தன் கலத்தின் மதிப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது; மேல் கலத்தோடு ஒப்பிட வேண்டுமானால் வித்தியாசத்தை வேறொரு பத்தியில் கணக்கிட்டு, அதற்கு வடிவம் கொடுங்கள். நிபந்தனைகளும் இரண்டுதான் எழுத முடியும், மூன்றாம் பகுதி மற்ற எல்லாவற்றுக்கும் உரியது. ஆகவே ▲▲, ▲, ▼ மூன்றையும் வைத்தால் மாறாத எண்ணுக்குத் தனி இடம் கிடைக்காது.

வரவுசெலவு அவர்களுக்கு ஒன்று: அனுப்பும் முன் ஒரு வெற்றுக் கலத்துக்கு இதே வடிவத்தைக் கொடுத்து -0.03 என்றும் -0.004 என்றும் அடித்துப் பாருங்கள். நிபந்தனை இல்லாத வடிவத்தில் இரண்டாம் பகுதி கழித்தல் குறியைத் தானே நீக்கிவிடும். நாமே நிபந்தனை எழுதும்போது அதை நம்பிவிடாமல் கண்ணால் பார்ப்பது நல்லது.

மின்மினி: நான் பயன்படுத்துவது எக்செல் அல்ல. அதில் அம்புக்கு முன்னால் கழித்தல் குறியும் நிற்கிறது.

வரவுசெலவு: 0.0095 போட்டு அனுப்பிவிட்டேன். நன்றி.

கூழாங்கல்: -0.03 அடித்தபோது என்ன தெரிந்தது என்று சொல்லவில்லையே?