டெபாசிட் லெட்ஜருக்கும் ஜிஎல்லுக்கும் 1,080 வெள்ளி இடிக்கிறது: ரத்தான ரூமின் முன்பணம் எப்போது வருமானம்?

கடற்கரைத்தெரு (கேள்வி)

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் 24 ரூம் உள்ள ஹோட்டலின் கணக்கு. நிதியாண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. ஜனவரியை மூடப் போனால், ஃப்ரண்ட் ஆபிஸ் சிஸ்டத்தில் டெபாசிட் லெட்ஜர் 9,420 வெள்ளி. பொதுப் பேரேடான ஜிஎல்லில் 'வாடிக்கையாளர் முன்பணம்' 10,500 வெள்ளி. தேடியதில் வித்தியாசம் முழுவதும் தைப்பூசத்துக்கு வந்த ஒரு குரூப் புக்கிங்கில் நிற்கிறது.

5 ரூம், 2026 ஜனவரி 30 செக்-இன், பிப்ரவரி 2 செக்-அவுட், ஒரு ரூமுக்கு இரவுக்கு 240 வெள்ளி. மொத்தம் 3,600. பாதி, அதாவது 1,800 வெள்ளி, டிசம்பர் 20 அன்று வந்துவிட்டது. நிபந்தனை: ஜனவரி 16 வரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும், அதற்குப் பிறகு திரும்பாது. ஜனவரி 20-இல் இரண்டு ரூமை ரத்து செய்தார்கள். 30-ஆம் தேதி ஒரு ரூமுக்கு ஆளே வரவில்லை, போனும் இல்லை. மற்ற இரண்டு ரூமில் மூன்று இரவும் தங்கினார்கள். தொகைகள் எல்லாம் சேவை வரி சேர்க்காதவை.

இதில் எது எந்த மாத வருமானம்? டிசம்பர் கணக்கில் ஏதாவது எடுக்க வேண்டுமா?

பட்டர்வொர்த் வரி

திரும்பத் தராத பணம் என்றால் கைக்கு வந்த அன்றே வருமானம்தான். 2016 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டம் 24(1ஏ) அப்படித்தான் சொல்கிறது. 1,800-ஐ டிசம்பரிலேயே எடுத்துவிடுங்கள், வித்தியாசமும் தானாகப் போய்விடும்.

நைட் ஆடிட் அக்கா

தம்பி, வரிக்கு நீங்கள் சொல்வது சரி. சேவைக்கு முன்னதாக வாங்கிய பணத்தை வாங்கிய ஆண்டிலேயே வருமான வரி வாரியம் கணக்கில் எடுக்கும். பிறகு திருப்பிக் கொடுத்தால் கொடுத்த ஆண்டில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அது வரிக் கணக்கீட்டில் செய்யும் திருத்தம். கம்பெனிக் கணக்குக்குப் பின்பற்றும் கணக்கியல் தரம் எம்பிஇஆர்எஸ் ஆனாலும் எம்எஃப்ஆர்எஸ் 15 ஆனாலும், ரூம் கொடுத்த பிறகுதான் வருமானம், அல்லது ரூம் கொடுக்கும் கடமை தீர்ந்த பிறகு. டிசம்பர் 31 அன்று அந்த 1,800 வெள்ளியை அவர்கள் கேட்டால் திருப்பித் தர வேண்டிய நிலை. அது முழுவதும் கடன் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒரு வெள்ளிகூட வருமானம் இல்லை.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஜனவரி 16. கெடு தாண்டியதும் 'இனி திரும்பத் தர வேண்டாம்' என்று வருமானத்துக்கு மாற்றிவிடுவார்கள். பணம் திரும்பாது என்பது உண்மை. ஆனால் 30-ஆம் தேதி ஐந்து ரூமைக் கொடுக்கும் கடமை அப்படியே இருக்கிறது. கெடு முடிந்த தேதிக்கு ஜர்னலே கிடையாது.

ஜனவரி 20-இல் இரண்டு ரூம் ரத்தானபோதுதான் முதல் நகர்வு. அந்த இரண்டின் பங்கு 720 வெள்ளி. அன்றைய தேதியில் முன்பணத்தைப் பற்று வைத்து, 'ரத்துக் கட்டண வருமானம்' கணக்கில் வரவு வையுங்கள். ரூம் வருமானத்தோடு கலக்காதீர்கள். விற்காத இரவுக்கு வருமானம் ஏறினால் சராசரி ரூம் விலை பொய்யாக உயர்ந்து தெரியும்.

வராத ரூமுக்கு 360 வெள்ளி. இது 30-ஆம் தேதி இரவு புக்கிங்கை என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. நோ-ஷோ போட்டு மூடி, மறுநாளே அந்த ரூமை விற்பனைக்கு விட்டிருந்தால், முழு 360-ம் அன்றே வருமானம். 'தாமதமாக வருவார்கள்' என்று மூன்று இரவும் ரூமைப் பிடித்து வைத்திருந்தால் இரவுக்கு 120 வீதம்: ஜனவரியில் 240, பிப்ரவரியில் 120. ரிசர்வேஷன் ஹிஸ்டரியில் 31-ஆம் தேதி அந்த ரூம் விற்பனைக்குத் திறந்திருந்ததா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

தங்கிய இரண்டு ரூமில் முன்பணத்துக்கும் வருமானத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. இரவுக்கு 480, ஆக ஜனவரியில் 960, பிப்ரவரியில் 480. செக்-இன் அன்று அவர்களின் 720 டெபாசிட் லெட்ஜரிலிருந்து, தங்கியிருப்பவர்களின் கணக்கான கெஸ்ட் லெட்ஜருக்குப் போகும், அவ்வளவே.

இப்போது உங்கள் 1,080. ரத்தான 720-ம் நோ-ஷோ 360-ம் சேர்ந்தது என்று நினைக்கிறேன். ஃப்ரண்ட் ஆபிஸில் பறிமுதல் போட்டதும் டெபாசிட் லெட்ஜர் குறைந்துவிட்டது. ஆனால் அந்தப் பறிமுதலுக்கான டிரான்ஸாக்ஷன் கோடு ஜிஎல் எக்ஸ்போர்ட் பட்டியலில் இணைக்கப்படாமல் இருந்தால் ஜிஎல்லில் எதுவும் நடக்காது. பற்றும் வரவும் ஒரே கோடில் போவதால், இரண்டுமே விட்டுப்போனாலும் ஜர்னல் சமமாகவே நிற்கும். அதனால்தான் சிஸ்டம் எச்சரிக்கவில்லை.

உடனே திருத்தாமல் ஒன்றைச் சரிபாருங்கள். தங்கிய ரூம்களின் முன்பணமும் 720-தான், தொகையை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. கெஸ்ட் லெட்ஜரும் ஜிஎல்லும் ஒத்துப்போனால் செக்-இன் மாற்றம் சரியாகப் போயிருக்கிறது. அங்கேயும் 720 இடித்தால் தவறு வேறு இடத்தில்.

பாயான் லெப்பாஸ் ஹோம்ஸ்டே

எங்களிடம் செக்-இன்னில் 100 வெள்ளி டெபாசிட் வாங்கி, சாவி திரும்பினால் கொடுத்துவிடுவோம். இதையும் ஜனவரியில் வருமானமாக எடுக்க வேண்டுமா?

நைட் ஆடிட் அக்கா

இல்லைங்க, அது வேறு. உங்களுடையது உத்தரவாதப் பணம். தங்கும் கட்டணத்தின் பகுதி அல்ல. சேதத்துக்காகப் பிடிக்கும் அன்று மட்டும் அந்தத் தொகை வருமானம். யாராவது வாங்காமல் போய்விட்டால் நீங்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது, உரிமை கோராப் பணச் சட்டம் 1965-ஐப் பார்க்க வேண்டும்.

கடற்கரைத்தெரு

நன்றி அக்கா. கெஸ்ட் லெட்ஜர் ஒத்துப்போகிறது: 31-ஆம் தேதி இரவு வரை 960 கட்டணம், 720 முன்பணம், மீதி 240 வர வேண்டியது. எக்ஸ்போர்ட் பட்டியலில் பறிமுதல் கோடுக்கு எதிரே கணக்கு எண் காலியாக இருந்தது. நோ-ஷோவை அன்றே மூடி 31-இல் ரூமைத் திறந்துவிட்டார்கள். ஆக ஜனவரி 960 + 720 + 360 = 2,040, பிப்ரவரி 480. வாங்கிய பணம் 1,800-உடன் மீதி 720-ம் சேர்ந்து 2,520, சரியாக வருகிறது.

ஒரு சிக்கல் பாக்கி. பிப்ரவரி 5-இல் மேனேஜர், ரத்தான இரண்டு ரூமின் 720-ஐ ஜூனில் தங்கப் பயன்படுத்தலாம் என்று மெயில் எழுதியிருக்கிறார்.

நைட் ஆடிட் அக்கா

அப்படியென்றால் மீண்டும் ரூம் கொடுக்கும் கடமை வந்துவிட்டது. பிப்ரவரியில் 720-ஐ வருமானத்திலிருந்து எடுத்து முன்பணத்தில் போடுவேன். ஜனவரியைத் தொட மாட்டேன். அன்று ஒப்பந்தம் உண்மையிலேயே முடிந்திருந்தது.

பட்டர்வொர்த் வரி

அதில் எனக்கு உடன்பாடில்லை அக்கா. ஜனவரியில் பறித்தது பறித்ததுதான். இது நல்லெண்ணத்துக்குக் கொடுத்த சலுகை. ஜூனில் வந்தால் அன்றைய விலையில் 720 தள்ளுபடி, வராவிட்டால் ஒன்றுமில்லை.

நைட் ஆடிட் அக்கா

மெயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி. 'உங்கள் முன்பணம் ஜூனுக்கு மாற்றப்படுகிறது' என்றிருந்தால் என் பக்கம், 'அடுத்த முறை சலுகை தருகிறோம்' என்றிருந்தால் உங்கள் பக்கம் பேச இடமுண்டு.

கடற்கரைத்தெரு

'மாற்றித் தருகிறோம், ஜூன் 30 வரை செல்லும்' என்றுதான் இருக்கிறது. பெயரும் புக்கிங் எண்ணும் போட்டிருக்கிறார். இந்த மெயிலை அப்படியே ஆடிட்டருக்கு அனுப்புகிறேன். கோடு இணைப்பை இன்றே சரிசெய்து, 1,080-க்கு ஜனவரி 20, 30 தேதிகளில் ஜர்னல் போட்டுவிட்டேன்.