புதுப்பிப்பு: மரபணு ஆலோசனைக்குப் போய் வந்தேன்

முன்பு நான் கேட்டது: "பெற்றோருக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. எனக்கு மட்டும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற, விழித்திரை மெல்லக் கெட்டு மாலைக்கண்ணும் பக்கப் பார்வைக் குறைவும் வரும் நோய். அத்தை மகளை மணக்கலாமா?"

என் பெற்றோரும் சொந்தத்தில் மணந்தவர்கள்தாம். பழுதான மரபணு இருவரிடமும் ஒற்றைப் பிரதியாக இருந்ததால் அவர்கள் பார்வை கெடவில்லை. எனக்கு இரண்டு பிரதிகளும் வந்துவிட்டன. "பெற்றோருக்கு இல்லையென்றால் பரம்பரை நோயல்ல" என்ற நண்பர் இதைக் கவனிக்கவும். அத்தை மகளிடமும் ஒரு பிரதி இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் ஆலோசகர். அவளது பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

வைட்டமின் ஏ-யால் தன் மகனின் மாலைக்கண் குணமானதாக எழுதிய அக்காவுக்கு: அது சத்துக்குறைவால் வந்தது, என்னுடையது அப்படியல்ல.

ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். மாடிப்படி விளிம்புகளில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறோம். நேராகப் பார்த்தால் காலடியில் இருக்கும் வாளிகூடத் தெரியாது. தலையை இடமும் வலமும் கீழுமாகத் திருப்பி நடக்கப் பழகுகிறேன்.