பென்சிலை அழுத்தி எழுதும் பையன்: காரைக்குடி பக்கம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தெரியுமா?

வணக்கம். என் மகனுக்கு 7 வயது. தாளின் பின்பக்கத்தைத் தடவினாலே எழுத்து தட்டுப்படும், அவ்வளவு அழுத்தி எழுதுகிறான். அரைப் பக்கத்திலேயே கை வலிக்குது என்கிறான். சட்டைப் பொத்தான் போடவும் திணறல்தான்.

மதுரையில் பார்த்த தெரபிஸ்ட், எவ்வளவு பலம் கொடுக்கிறோம் என்பதை அவன் விரல்கள் சரியாக உணரவில்லை, தோளும் மணிக்கட்டும் உறுதியாக இல்லாததால் விரல்கள் இறுக்கிக்கொள்கின்றன என்றார். எழுதும் முன் ஐந்து நிமிடம் கெட்டியான மாவை அழுத்திப் பிசைந்து உருட்டச் சொன்னார். அப்பத்தா சீடை மாவையே கொடுத்துவிடுகிறார், பலகாரமும் ஆச்சு. அப்புறம் சுவரில் ஒட்டிய தாளில் நின்றபடி எழுத வேண்டும். அப்போது மணிக்கட்டு தானாகப் பின்னால் வளைந்து நிற்கிறது, தோளும் வேலை செய்கிறது. கடைசியாகக் கார்பன் தாள் விளையாட்டு: அடித்தாளில் எழுத்து விழாதபடி மெல்ல எழுதணும்.

விளையாட்டில் ஜெயிக்கிறான். வீட்டுப்பாடத்தை வேகமாக எழுதும்போது மட்டும் பழைய அழுத்தம் திரும்பிவிடுகிறது. இதைத் தாண்டிய பெற்றோர் என்ன செய்தீர்கள்? காரைக்குடி, தேவகோட்டை பக்கம் குழந்தைகளைப் பார்க்கும் தெரபிஸ்ட் இருந்தால் சொல்லுங்கள்; அடிக்கடி மதுரை போய்வர முடியவில்லை.